புருவத்துக்கு 30 ரூபாய் போதுமா?

வீட்டில் அழகு நிலையம் நடத்தும் பெண்களின் மணிக் கணக்கு

பாலக்கோடு, பென்னாகரம், அரூர், காரிமங்கலம் என்று தர்மபுரி மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும், ஏதாவது ஒரு தெருவில் 'பியூட்டி பார்லர்' என்ற பலகை தொங்குகிறது. பெரிய கடை அல்ல. வீட்டின் முன் அறைதான். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, ஒரு திரைச்சீலை. அடுப்பில் உலை கொதிக்கும்போதே வாசலில் "அக்கா!" என்று குரல் கேட்கும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நூலைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்தப் பெண்களில் பலர் விலை வைக்கும் முறை ஒன்றே ஒன்றுதான். அடுத்த தெருவில் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரிப்பார்கள். அதே விலை, அல்லது அதில் பத்து ரூபாய் குறைவு. அவ்வளவுதான்.

இது விலை அல்ல. அடுத்த வீட்டுக் கணக்கைப் பார்த்து எழுதிய விடை. அடுத்த வீட்டுக்காரி சொந்த வீட்டில் இருக்கலாம். அவள் கணவர் வெளியூரிலிருந்து பணம் அனுப்பலாம். அல்லது அவளும் நஷ்டத்திலேயே ஓட்டிக் கொண்டிருக்கலாம்.

எவ்வளவு மிஞ்சுகிறது?

பாலக்கோட்டில் ஒரு பெண் வாடகை வீட்டில் அழகு நிலையம் நடத்துகிறாள் என்று வைத்துக் கொள்வோம். புருவம் திருத்த 30 ரூபாய் வாங்குகிறாள். பழ பேஷியலுக்கு 250 ரூபாய். ஒரு மாதத்தில் 100 பேருக்குப் புருவம் திருத்தினாள். 26 பேருக்கு பேஷியல் செய்தாள். கைக்கு வந்தது 9,500 ரூபாய்.

நல்ல வருமானம்தானே என்று தோன்றும். அவளுக்கும் அப்படித்தான் தோன்றும். பணம் ஐம்பதும் நூறுமாகத் தினமும் வருகிறது. தினமும் செலவாகிறது. மாதக் கடைசியில் எங்கே போயிற்று என்று தெரிவதில்லை.

எங்கே போயிற்று என்று பார்ப்போம். கிரீம், பஞ்சு, நூல் ஆகியவற்றுக்கு 2,540 ரூபாய். அறை வாடகை, மின்சாரம் முதலியவற்றுக்கு 3,000 ரூபாய். இரண்டையும் கழித்தால் மிச்சம் 3,960 ரூபாய். மாதம் 25 நாள் கடை திறந்தாள். ஒரு நாளைக்கு 158 ரூபாய்.

100 நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ம் ஆண்டில் மத்திய அரசு வைத்த நாள் கூலி 336 ரூபாய். அதில் பாதி கூட இவளுக்கு இல்லை. "இவள் ஆறு மணி நேரம்தானே கடை திறக்கிறாள்" என்று சொல்லலாம். சரி, எட்டு மணிக்கு 336 என்றால் ஆறு மணிக்கு 252 வருகிறது. அதுவும் இவளுக்குக் கிடைக்கவில்லை.

பயிற்சிக்குப் பணம் கட்டியவள் இவள். நாற்காலியும் கண்ணாடியும் வாங்கக் கடன் வாங்கியவள் இவள். இவளுக்கு மண் வெட்டும் கூலி கூட வரவில்லை என்றால், எங்கே தவறு? வாடிக்கையாளர் குறைவு என்று சொல்ல முடியாது. 126 பேர் வந்திருக்கிறார்கள். தவறு விலையில் இருக்கிறது.

அறைக்கும் வாடகை உண்டு

முதலில் அந்த 3,000 ரூபாய் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

வீட்டு வாடகை 6,000 ரூபாய். வீட்டில் நான்கில் ஒரு பங்கு இடம் நிலையத்துக்குப் போய்விட்டது. ஆகவே வாடகையில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 1,500 ரூபாய், நிலையத்தின் செலவு.

"வீட்டு வாடகை எப்படியும் கொடுக்கத்தானே வேண்டும்? அதை ஏன் கணக்கில் சேர்ப்பது?" என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பார்கள். அந்த அறையில் இப்போது பிள்ளைகள் படிக்க முடியாது. மாமியார் கட்டில் போட முடியாது. இடம் போய்விட்டது. போன இடத்துக்கு விலை உண்டு. சொந்த வீடானாலும் இதே கதைதான். அந்த அறையை மட்டும் வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ, அதை எழுதிக் கொள்ள வேண்டும்.

அடுத்து மின்சாரம். முகத்துக்கு ஆவி பிடிக்கும் கருவி, முடி உலர்த்தும் கருவி, மின்விசிறி, விளக்கு எல்லாம் சேர்த்து 500 ரூபாய். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இலவச யூனிட் என்பது வீட்டு இணைப்புக்கு உள்ள சலுகை. தொழிலுக்கு அது கிடையாது. நிலையத்துக்குத் தனி இணைப்பு வேண்டுமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக் கொள்வது நல்லது. பிறகு அபராதம் வந்தால் அதற்கு எந்த பேஷியலும் ஈடாகாது.

துண்டு துவைக்கிற சோப்பு, போன், கூட்டிப் பெருக்கும் செலவு ஆகியவற்றுக்கு 400 ரூபாய்.

கடைசியாக சாமான்கள். நாற்காலி, கண்ணாடி, கருவிகள் எல்லாம் 36,000 ரூபாய்க்கு வாங்கினாள். ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைப்போம். ஐந்து வருஷம் என்றால் 60 மாதம். மாதம் 600 ரூபாய் தேய்கிறது. இந்த 600 ரூபாய் கண்ணுக்குத் தெரியாத செலவு. ஆகவேதான் எல்லாரும் மறந்து விடுகிறார்கள். ஐந்தாம் வருஷம் நாற்காலி உடையும்போது அது கண்ணுக்குத் தெரியும்.

1,500, 500, 400, 600. மொத்தம் 3,000 ரூபாய்.

150 மணியா, 60 மணியா?

இனிதான் முக்கியமான இடம். கணக்குப் போடத் தெரிந்தவர்கள் கூட இங்கேதான் சறுக்கி விழுகிறார்கள்.

அந்தப் பெண் மாதம் 6,000 ரூபாயாவது தன் உழைப்புக்கு வேண்டும் என்று நினைக்கிறாள். பேராசை அல்ல. ஒரு நாளைக்கு 240 ரூபாய்தான் ஆகிறது. இந்த 6,000, மேலே சொன்ன 3,000, ஆக 9,000 ரூபாய் மாதம் வர வேண்டும். கிரீம் செலவு இதில் சேராது. அது தனி.

மணிக்கு எவ்வளவு? கடை தினம் ஆறு மணி நேரம், மாதம் 25 நாள். மொத்தம் 150 மணி. 9,000-ஐ 150-ஆல் வகுத்தால் மணிக்கு 60 ரூபாய். நிமிஷத்துக்கு ஒரு ரூபாய். கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது.

ஆனால் இது தப்பு. கடை திறந்திருந்தது 150 மணி. நாற்காலியில் ஆள் இருந்தது எத்தனை மணி?

இதை ஊகித்துச் சொல்ல முடியாது. எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் போதும். வாடிக்கையாளர் உள்ளே வந்த நேரம், அடுத்தவருக்கு நாற்காலி தயாரான நேரம், இந்த இரண்டையும் ஒரு மாதம் குறிக்க வேண்டும். எழுதிப் பார்த்த பெண்ணுக்குத் திகைப்பாக இருக்கும். 150 மணியில் 60 மணிதான் வேலை இருந்திருக்கும். மற்ற நேரமெல்லாம் வாசலைப் பார்த்துக் காத்திருந்த நேரம்.

காத்திருந்த நேரத்துக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. ஆனால் அந்த நேரத்துக்கும் அறைக்கு வாடகை ஓடுகிறது. அந்த நேரத்தில் அவள் வேறு கூலி வேலைக்கும் போக முடியாது. ஆகவே 9,000 ரூபாயையும் அந்த 60 மணிதான் சுமக்க வேண்டும். 9,000-ஐ 60-ஆல் வகுத்தால் மணிக்கு 150 ரூபாய். நிமிஷத்துக்கு இரண்டரை ரூபாய்!

ஒரு ரூபாய் எங்கே, இரண்டரை ரூபாய் எங்கே! வகுக்கும் எண்ணை மாற்றியதால் வந்த வித்தியாசம் இது.

"காத்திருக்கும்போது அவள் சமைக்கிறாள், துணி மடிக்கிறாள், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். அது வீட்டு வேலைதானே?" என்று கேட்பது நியாயமான கேள்வி. வீட்டில் தொழில் செய்வதில் உள்ள லாபமே அதுதான். அதனால்தான் அவள் நாளைக்கு 336 கேட்காமல் 240-க்கு ஒப்புக் கொள்கிறாள். அந்தச் சலுகையை அவள் ஒரு முறை கொடுத்துவிட்டாள். "வீட்டிலேதானே செய்கிறாய், குறைத்துக் கொள்" என்று வருகிறவர்களும் மறுபடி கேட்டால், ஒரே சலுகையை இரண்டு முறை கேட்பதாகும்.

டப்பாவின் மூடியில் தேதி

நிமிஷ விலை தெரிந்துவிட்டது. இனி வேலையின் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

புருவம் திருத்தப் பத்து நிமிஷம் என்பார்கள். நூல் ஓடும் நேரம் பத்து நிமிஷம். வந்தவர் உட்கார வேண்டும். முகம் துடைக்க வேண்டும். கண்ணாடி பார்த்து "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்பார். சில்லறை தேட வேண்டும். எல்லாம் சேர்த்தால் 15 நிமிஷம். 15 நிமிஷத்துக்கு 37 ரூபாய் 50 காசு. நூல், பவுடர், பஞ்சு இரண்டு ரூபாய். ஆக 40 ரூபாய். அவள் வாங்குவதோ 30.

பேஷியலில் முகத்தில் கை படும் நேரம் ஒரு மணி. அதற்கு முன் பத்து நிமிஷம் தயார் செய்ய. பின்னால் பத்து நிமிஷம் கிண்ணம் கழுவி, துண்டு மாற்ற. 80 நிமிஷம். இரண்டரை ரூபாய் வீதம் 200 ரூபாய்.

கிரீம் எவ்வளவு? இங்கே பெட்டியின் மேல் அச்சடித்ததை நம்பக்கூடாது. பேஷியல் பெட்டி 600 ரூபாய்க்கு வாங்கினாள். பத்து முறைக்கு வரும் என்று பெட்டி சொல்கிறது. அப்படியானால் ஒரு முறைக்கு 60 ரூபாய். ஆனால் முகத்தோடு கழுத்துக்கும் போட வேண்டியிருக்கிறது. விரலால் அள்ளினால் கூடுதலாக வருகிறது. டப்பாவின் ஓரத்தில் ஒட்டியது வீணாகிறது.

உண்மையை அறிய ஒரே வழி உண்டு. டப்பாவைத் திறந்த அன்று மூடியில் தேதி எழுத வேண்டும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மூடியில் ஒரு கோடு போட வேண்டும். டப்பா காலியானதும் கோடுகளை எண்ண வேண்டும். எட்டுக் கோடுதான் இருந்தால் ஒரு முறைக்கு 75 ரூபாய். பஞ்சு, டிஷ்யூ, முகம் துடைக்கும் பொருள்களுக்கு 15 ரூபாய். ஆக 90.

200-ம் 90-ம் சேர்ந்தால் 290. சில்லறைத் தொல்லை இல்லாமல் 300 ரூபாய் என்று வைக்கலாம். அவள் வாங்கியது 250.

இப்போது மாதக் கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்போம். அதே 100 புருவம், 40 ரூபாய் வீதம் 4,000. அதே 26 பேஷியல், 300 ரூபாய் வீதம் 7,800. மொத்தம் 11,800. பொருள் 2,540, அறைச் செலவு 3,000. மிச்சம் 6,260 ரூபாய். முன்பு 3,960. புருவத்துக்குப் பத்தும் பேஷியலுக்கு ஐம்பதும் ஏற்றியதில், அவள் கூலி ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிட்டது!

ஆள் ஓடிவிடுவார்களா?

"விலை ஏற்றினால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்" என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. கொஞ்சம் பேர் போவார்கள் என்பது உண்மைதான். எத்தனை பேர் போனால் நஷ்டம் என்பதையும் கணக்குத்தான் சொல்ல வேண்டும்.

15 பேர் புருவத்துக்கு வராமல் நின்றுவிட்டார்கள். நாலு பேர் பேஷியலுக்கு வரவில்லை. மிச்சம் 85 புருவம், 22 பேஷியல். வரவு 10,000 ரூபாய். பொருள் 2,150, அறைச் செலவு 3,000. கையில் 4,850 நிற்கிறது. பழைய விலையில் எல்லாரும் வந்தபோது நின்றது 3,960. ஒன்பது மணி நேர வேலை குறைந்தும், கிட்டத்தட்ட 900 ரூபாய் அதிகம்.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. மாதம் 40 மணிதான் வேலை இருக்கிறது என்றால், 9,000-ஐ 40-ஆல் வகுத்து மணிக்கு 225 என்று பலகையில் எழுத முடியாது. பாலக்கோட்டில் யாரும் கொடுக்க மாட்டார்கள். அங்கே குறை விலையில் இல்லை. வேலை போதவில்லை. காலி நேரத்தில் தையல் இயந்திரம் ஓட்டலாம். அல்லது தினமும் திறக்காமல், சொல்லிவிட்டு வருகிறவர்களுக்கு மட்டும் சில நாள் திறக்கலாம். விலையை ஏற்றி ஆள் பஞ்சத்தைத் தீர்க்க முடியாது.

இன்னொரு விஷயம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாருமே இல்லை. ஒரு கல்லூரி மாணவி வந்து, "அக்கா, என்கிட்ட 30 ரூபாதான் இருக்கு" என்கிறாள். திருப்பி அனுப்புவதா? வேண்டாம். நாற்காலி காலியாக இருப்பதற்கு 28 ரூபாய் வருவது மேல். ஆனால் அதைப் பலகை விலையாக ஆக்கக்கூடாது. சனிக்கிழமை மாலை நாலு பேர் காத்திருக்கும்போது அந்த விலைக்குச் செய்தால், 40 ரூபாய் கொடுக்க வந்தவர் எழுந்து போய்விடுவார். செவ்வாய், புதன் மத்தியானம் மட்டும் மாணவிகளுக்கு 30 என்று எழுதி வைத்துவிட்டால் வம்பில்லை.

கல்யாண வேலை

கல்யாண வேலைக்கு மொத்தமாக 2,000 ரூபாய் வாங்குகிறாள். ஒரே நாளில் 2,000 என்பதால் அது பெரிய தொகையாகத் தெரிகிறது. அதையும் நிமிஷத்தில் பார்க்க வேண்டும்.

மாரண்டஅள்ளியில் கல்யாணம். ஆறு மணி முகூர்த்தம். இரவு இரண்டரை மணிக்குப் பாலக்கோட்டில் ஆட்டோ ஏறுகிறாள். மூன்று மணிக்கு வேலை ஆரம்பம். முகம், தலை, ஜடை, பூ, சேலைக் கட்டு எல்லாம் முடிய ஐந்தரை. தாலி கட்டி முடியும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஏனென்றால் ஹோமப் புகையில் கண் கலங்கும், மை கரையும். வீடு திரும்ப ஏழரை. ஐந்து மணி நேரம்.

மணிக்கு 150 வீதம் 750 ரூபாய். இரவுத் தூக்கம் கெடுகிறது. காலையில் கடை திறக்கவும் முடியாது. ஒன்றரை மடங்கு போட்டால் 1,125. ஆட்டோ போக வர 700. பூச்சு, மை, சாயம் 400. கொண்டை ஊசி, பஞ்சு, ஒரு முறைக்கே ஆகும் தூரிகை 75. மொத்தம் 2,300 ரூபாய். இரண்டாயிரத்துக்குப் போனால் கையிலிருந்து 300 போட்டுவிட்டு வருகிறாள் என்று பொருள். உள்ளூர்க் கல்யாணமானால் ஆட்டோச் செலவு குறையும். அப்போது 2,000-க்குக் குறைவாகவே செய்யலாம். ஆகவே "கல்யாணத்துக்கு இவ்வளவு" என்று ஒரே விலை சொல்வதை விட, வேலைக்கு ஒரு விலை, போக்குவரத்து தனி என்று சொல்வதே இரு பக்கத்துக்கும் நியாயம்.

தேதி சொன்ன அன்றே முன்பணம் வாங்கிவிட வேண்டும். ஒரு முகூர்த்தத்தில் அவளால் ஒரு பெண்ணைத்தான் அலங்கரிக்க முடியும். கடைசி நேரத்தில் "சேலத்திலிருந்து ஆள் வருகிறது" என்று சொன்னால், அந்த முகூர்த்தம் போனது போனதுதான்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அந்த மாதங்களில் 35 மணி கூட வேலை இராது. ஆவணியிலும் தையிலும் 90 மணி ஓடும். ஆகவே ஒரு மாத நோட்டைப் பார்த்து விலையை மாற்றிக் கொண்டிருக்கக் கூடாது. ஒரு வருஷ மணிகளைக் கூட்டி 12-ஆல் வகுத்தால்தான் சரியான சராசரி கிடைக்கும். வருஷ வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும்வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. வீட்டு நிலையங்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

இரண்டு டப்பா

கணக்கு சரியாக ஓடுகிறதா என்று தெரிந்து கொள்ள, நோட்டோடு இரண்டு பழைய டப்பாக்கள் வேண்டும்.

ஒன்று பொருளுக்கு. ஒவ்வொரு பேஷியல் முடிந்ததும் அதில் 90 ரூபாய் போட வேண்டும். ஒவ்வொரு புருவத்துக்கும் இரண்டு ரூபாய். மற்றது அறைக்கு. வாரத்துக்கு 750 ரூபாய். இந்த இரண்டும் போக மீதிதான் அவளுடைய கூலி. அதைத்தான் வீட்டுச் செலவுக்குத் தொடலாம்.

பேஷியல் பெட்டி காலியாகும் அன்று, அடுத்த பெட்டி வாங்கப் பொருள் டப்பாவில் 600 ரூபாய் இருக்க வேண்டும். இல்லையென்றால் காரணம் மூன்றில் ஒன்று. கிரீமை அதிகமாக அள்ளுகிறாள். அல்லது டப்பாவிலிருந்து யாரோ காய்கறிக்கு எடுத்திருக்கிறார்கள். அல்லது நாத்தனாருக்கும் சித்தி மகளுக்கும் செய்ததை நோட்டில் எழுதவில்லை.

சொந்தக்காரர்களிடம் கூலி கேட்க மனம் வராது. அது நம் ஊர் வழக்கம். கேட்க வேண்டாம். ஆனால் கிரீமைக் கடைக்காரர் சும்மா கொடுப்பதில்லை. "கைவேலை என்னுடையது அண்ணி, பொருளுக்கு மட்டும் 90 ரூபா கொடுங்க" என்று சொல்வதில் உறவு முறிந்துவிடாது. அதைக் கூடச் சொல்ல முடியாத உறவானால், தன் கூலியிலிருந்து 90 ரூபாயை எடுத்துப் பொருள் டப்பாவில் போட்டுவிட்டு, நோட்டில் அவர் பெயரை எழுதிவிட வேண்டும். வருஷக் கடைசியில் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்க்கட்டும்.